சித்தி நேரம்

பாம்பன் தெற்குவாடியில் எங்கள் அம்மாச்சி வீட்டு முன்னறையில் இரண்டு சுவர்க் கடிகாரங்கள் உண்டு. ஒன்றில் ஊர் நேரம், இன்னொன்றில் சித்தி நேரம். சித்தி இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்தில் நர்ஸ் வேலை பார்க்கிறார், 2023 நவம்பரில் போனவர். வீட்டுக்குப் புதிதாக வருகிறவர்கள் ஏறிட்டுப் பார்த்துவிட்டு, "அது ஓடலையா?" என்று கேட்பார்கள். "அது ஓடுது, நீ உக்காரு" என்பார் அம்மாச்சி.

பிள்ளை வெளிநாட்டில் இருக்கிற வீட்டில் இப்படி ஒரு கடிகாரம் தொங்குகிறது என்று சொன்னாலே கேட்பவர்கள் முகத்தைப் பாவமாக வைத்துக்கொள்கிறார்கள். அம்மாச்சிக்கு அந்த முகம் பிடிக்காது. எனக்கும்தான். அந்தக் கடிகாரத்தைச் சரியாக ஓட வைக்க அவர் என்னென்ன கணக்குப் போட்டார் என்பதுதான் எனக்குச் சுவாரஸ்யமான விஷயம். அதைத்தான் எழுதப் போகிறேன்.

ஆரம்பம் ஒரு வீடியோ கால். அந்த டிசம்பரில் சித்திக்குப் பகல் டியூட்டி. கிளம்புவதற்கு முன்னால், அங்கே காலை ஆறரை மணிக்குக் கூப்பிடுவார். இங்கே சரியாகப் பன்னிரண்டு, கோயிலில் திரிகால மணி அடிக்கிற நேரம். அங்கே நர்ஸ்கள் கையில் கடிகாரம் கட்டக் கூடாது. முழங்கைக்குக் கீழே வளையல், வாட்ச் எதுவும் இருக்கக் கூடாது, கை கழுவுவதற்கு இடைஞ்சல், கிருமி தங்கிவிடும் என்று விதி. அதனால் சீருடையின் நெஞ்சுப் பக்கம் ஒரு சின்னக் கடிகாரத்தைக் குத்திக்கொள்கிறார்கள். அது தலைகீழாகத் தொங்கும். போட்டிருப்பவர் குனிந்து பார்த்தால் நேராகத் தெரியும், எதிரில் இருப்பவருக்குப் பன்னிரண்டு கீழேயும் ஆறு மேலேயும் தெரியும்.

அம்மாச்சி எதிரில் இருப்பவர். போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து சித்தியின் நெஞ்சுக் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் சுவரைப் பார்த்தார். "ஏ புள்ள, ஒன் சட்டைக் கடியாரத்துல நம்ம ஊரு நேரம்ல ஓடுது" என்றார்.

சித்தி சிரித்தார். எனக்கும் முதலில் விளங்கவில்லை. பிறகு யோசித்துப் பார்த்தால் உண்மைதான். இந்திய நேரம் கிரீன்விச் நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. குளிர்காலத்தில் இங்கிலாந்தில் இருப்பது அந்தக் கிரீன்விச் நேரமேதான். கடிகாரத்தைத் தலைகீழாகத் திருப்பினால் நிமிட முள் அரை வட்டம் தள்ளிப் போகும், அதாவது முப்பது நிமிடம். மணி முள்ளும் அரை வட்டம், அதாவது ஆறு மணி. ஆறு மணி பின்னால் போய், அரை மணி முன்னால் வந்தால் ஐந்தரை. பன்னிரண்டு மணிக்கு இரண்டு முள்ளும் மேலே நிற்கும், திருப்பினால் இரண்டும் கீழே நிற்கும், ஆறரை. லண்டன் போகும் இந்தியர்கள் கை வாட்சைத் திருப்பிப் பார்த்துக்கொள்கிற பழைய தந்திரம் இது என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். அம்மாச்சிக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

அன்றைக்கே அலமாரியில் கிடந்த ஒரு கடிகாரத்தை எடுத்தார். யாரோ கல்யாணத்துக்கு வந்த பரிசு, ஒரு நகைக்கடைப் பெயர் போட்டது. எண்கள் கிடையாது, வெறும் கோடுகள். அது ரொம்ப வசதி. ஊர் நேரத்தையே அதில் வைத்துத் தலைகீழாக மாட்டினார். மாட்டுகிற ஓட்டை மேல் பக்கம்தானே இருக்கும், அதனால் கீழ்ப்பக்கத்தில் தங்கூசி நரம்பைச் சுற்றிக் கட்டி ஆணியில் தொங்கவிட்டார். நகைக்கடைப் பெயர் தலைகீழாகத் தெரிந்தது. அதை யார் வாசிக்கப் போகிறார்கள்.

ஜனவரி முழுக்க அப்படியே ஓடியது. "இப்ப ஏழரை, பஸ்ஸுக்கு நிப்பா. இப்ப ஒம்பது, மாத்திரை குடுத்துக்கிட்டு இருப்பா" என்று மீன் கழுவிக்கொண்டே சொல்வார். போன் பண்ணுவதற்காக மட்டும் அந்தக் கடிகாரம் என்று நினைத்தால் தப்பு. ஒரு நாளில் அவர் அதைப் பார்ப்பது எத்தனையோ தடவை, போன் பண்ணுவது ஒரு தடவை. "போன்லயே ரெண்டு ஊரு நேரமும் போட்டுத் தாரேன்" என்று நான் சொன்னதற்கு, "அதுக்கு மொதல்ல கண்ணாடியத் தேடணும், அப்புறம் போனத் தேடணும்" என்றார். நான் அத்தோடு விட்டுவிட்டேன்.

பிப்ரவரியில் ஒரு சங்கடம் வந்தது. சித்திக்கு இரவு டியூட்டி மாறியது. காலை எட்டுக்கு முடித்து, எட்டரைக்கு வீடு வந்து, சாப்பிட்டு, பத்துக்குத் தூங்கப் போவார். ஒரு நாள் அம்மாச்சி கடிகாரத்தைப் பார்த்து ஒன்பதேகால் என்று நினைத்துக் கூப்பிட்டார். அங்கே மணி பத்தேகால். சித்தி கண் அசந்த நேரம். "என்னம்மா, யாருக்கு என்ன?" என்று பதறிப் போய் எடுத்தார்.

கடிகாரம் ஓடாமல் நின்றதா என்றால் இல்லை. இங்கே பிற்பகல் மூன்றே முக்கால், அதில் ஐந்தரை கழித்தால் பத்தேகால்தான். ஆனால் தலைகீழ்த் தந்திரத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது. மணி முள் அரை வட்டம் திரும்பும்போது ஆறு மணி பின்னால் போகிறது, தேவையோ ஐந்தரை மட்டும். அதனால் மணி முள் எப்போதும் அரை இடம் பின்தங்கியே நிற்கும். மூன்றே முக்காலுக்கு அது ஒன்பதைத் தாண்டிப் பத்தை எட்டாமல் நிற்கிறது, நிமிட முள்ளோ கால் மணியில் நிற்கிறது. பார்க்கிறவர் ஒன்பதேகால் என்றுதான் சொல்வார். நிமிட முள் கடிகாரத்தின் இடப் பக்கம் ஏறும்போது படிக்கிற மணி சரியாக இருக்கும், வலப் பக்கம் இறங்கும்போது ஒரு மணி நேரம் குறைத்துப் படித்துவிடுவோம். ஒரு நாளில் பாதி நேரம் சரி, பாதி நேரம் தப்பு. இரண்டு மாதம் இது பிடிபடாமல் போனதற்குக் காரணம், சித்தி வழக்கமாகக் கூப்பிட்ட நேரம் நிமிட முள் இடமும் வலமும் சாராமல் செங்குத்தாக நிற்கிற ஆறரையாக இருந்ததுதான்.

கடிகாரத்தைக் கழற்றிப் பஜாரில் கடிகாரம் பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோனார் அம்மாச்சி. அவர் முழுக் கதையையும் கேட்டுவிட்டு, "ஆத்தா, முள்ளத் திருப்புங்க, கடியாரத்தத் திருப்பாதீங்க" என்றார். பின்னால் இருக்கிற சின்னச் சக்கரத்தைச் சுற்றி ஐந்தரை மணி நேரம் பின்னால் வைத்து, நேராக மாட்டச் சொன்னார். தங்கூசி நரம்பை அவிழ்த்துப் பத்திரமாகச் சுருட்டி வைத்துக்கொண்டார் அம்மாச்சி. நகைக்கடைப் பெயர் நேரானது.

அப்புறம் ஈஸ்டர் வந்தது. 2024 மார்ச் 31.

முந்தின இரவு பாஸ்கா பூசை முடித்து வந்து படுக்கவே நேரமாகிவிட்டது. ஞாயிறு மதியம் கறிக்குழம்பு கொதித்துக்கொண்டிருக்கிறது. தவக்காலம் முழுக்க வீட்டில் கறி எடுக்காதவர்கள், அன்றைக்குக் கறிக் கிண்ணத்தைவிட்டு யார் எழுந்திருப்பார்கள். சித்திக்கு சனிக்கிழமை இரவு டியூட்டி. எட்டு மணிக்கு விட்டு, வீட்டுக்கு வந்து, ஒன்பது மணிக்குக் கூப்பிடுவதாகச் சொல்லியிருந்தார். நம் கணக்குக்குப் பிற்பகல் இரண்டரை.

ஒன்றரைக்கே போன் அடித்தது. அம்மாச்சி சித்தி நேரத்தைப் பார்த்தார். எட்டு. வார்டிலிருந்து வெளியே வருகிற நேரம். படத்திலோ சித்தி வீட்டு அடுப்படியில் குளித்து முடித்துத் தலையில் துண்டோடு நிற்கிறார்.

"என்ன புள்ள, பாதியிலயே வந்துட்டியா? காய்ச்சலா?"

"இல்லம்மா, முழு டியூட்டியும் பாத்துட்டுத்தான் வந்தேன்."

"எட்டுக்கு முடியிற வேலை, எட்டு மணிக்கு வீட்டுல எப்படி நிக்கிற?"

"மணி ஒம்பதும்மா. ராத்திரி ஒரு மணி நேரத்த முன்னால தள்ளிட்டாங்க."

அங்கே மார்ச் கடைசி ஞாயிறு அதிகாலை ஒரு மணி ஆனதும், கடிகாரம் நேராக இரண்டுக்குப் போய்விடும். கோடையில் சாயங்கால வெளிச்சம் கூடுதலாகக் கிடைக்க வேண்டுமென்று இந்த ஏற்பாடு. அக்டோபர் கடைசி ஞாயிறு அதிகாலை இரண்டு மணி ஆனதும் மறுபடி ஒன்றுக்கு வந்துவிடும். மார்ச்சில் அந்த இரவு டியூட்டி பார்க்கிறவர்களுக்கு ஒரு மணி நேரம் குறைவு, அக்டோபரில் ஒரு மணி நேரம் கூடுதல். அதனால் நமக்கும் அவர்களுக்கும் இடைவெளி குளிர்காலத்தில் ஐந்தரை, கோடையில் நாலரை.

இதை அம்மாச்சிக்கு எப்படிப் புரியவைப்பது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். அவர் கையைக் கழுவிவிட்டு வந்து, "சிலோன்காரன் செஞ்ச மாதிரியா?" என்றார்.

எங்கள் பக்கத்து ஆட்கள் இலங்கை வானொலி கேட்டு வளர்ந்தவர்கள். இரண்டு நாட்டுக்கும் ஒரே நேரம்தான் இருந்தது, 1996 வரைக்கும். அந்த மே மாதம் மின்சாரத் தட்டுப்பாட்டால் இலங்கை அரசு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளியது. அக்டோபரில் அதில் அரை மணியைத் திருப்பிக் கொடுத்தது. மீதி அரை மணி 2006 ஏப்ரல் வரை அப்படியே நின்றது. புலிகள் கையில் இருந்த பகுதியில் பழைய நேரமே நடந்தது. அந்தப் பத்து வருஷமும் ரேடியோவில் சொல்லுகிற மணியில் அரை மணியைக் கழித்துத்தான் பாம்பனில் உலை வைத்தார்கள் என்று அம்மாச்சி சொல்கிறார். அரசாங்கம் நினைத்தால் மணியை மாற்றும் என்பது அவருக்குப் புதுச் செய்தி இல்லை.

இன்னொன்றும் உண்டு. அம்மாச்சி சின்ன வயதிலிருந்து பாசி எடுத்தவர். கண்ணாடி மாட்டி, விரலில் துணி சுற்றி, முழங்கால் வரை சேலையை இறுக்கிக் கட்டித் தீவுப் பக்கம் முங்கி மரிக்கொழுந்தும் கஞ்சிப்பாசியும் பறித்து வலைப்பையில் போடுகிற வேலை. அமாவாசையை ஒட்டிச் சில நாள், பௌர்ணமியை ஒட்டிச் சில நாள். கடல் வத்துகிற நேரம் பார்த்துப் போக வேண்டும். அந்த நேரம் ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ ஐம்பது நிமிடம் தள்ளிப் போகும், நிலா தள்ளி உதிப்பதால். இன்றைக்கு ஆறு மணிக்குப் படகென்றால் நாளைக்கு ஏழு மணியை ஒட்டி. இதையெல்லாம் கடிகாரம் கட்டாத கையோடு கணக்குப் பண்ணியவர்கள் அந்தப் பெண்கள். "கடலு தெனம் நேரம் மாத்தும். இவுக வருசத்துக்கு ரெண்டு தடவ மாத்துறதுக்கா இம்புட்டு வெளக்கம்?" என்றார் என்னிடம்.

அவர் கேட்டது ஒரே கேள்விதான். எந்த நாள் என்று முன்கூட்டியே எப்படித் தெரியும்?

கடைசி ஞாயிறு என்றால் போதாதா என்று கேட்டால், போதாது. அவர் வீட்டில் தினசரி காலண்டர். நாளுக்கு ஒரு தாளாகக் கிழிப்பது. கிழிக்கிற அன்றைக்கு அது கடைசி ஞாயிறா இல்லையா என்று அந்தத் தாள் சொல்லாது. திருநாள்கள்தான் அவருக்குத் தேதி. அதனால் இங்கிலாந்துச் சட்டத்தை மாதா கோயில் கணக்குக்கு மாற்றினோம். முப்பத்தொரு நாள் உள்ள மாதத்தில் கடைசி ஞாயிறு 25-லிருந்து 31-க்குள் எங்கேயாவது விழும். மார்ச் 25 மங்கள வார்த்தைத் திருநாள். அந்தத் தேதி ஞாயிறாக இருந்தால் அன்றைக்கே, இல்லாவிட்டால் அடுத்து வரும் ஞாயிறு. அக்டோபருக்கு அவராகவே ஒன்று சொன்னார்: கல்லறைத் திருநாளுக்கு முந்தின ஞாயிறு. 2024-க்கும் 2025-க்கும் அது பிசகாமல் பொருந்தியது. ஆனால் கல்லறைத் திருநாள் நவம்பர் 2. 2026-ல் நவம்பர் 1 ஞாயிற்றுக்கிழமை, அதை நம்பினால் ஒரு வாரம் பிந்திவிடும். நவம்பர் 1 சகல புனிதர் திருநாள், அதற்கு முந்தின ஞாயிறு என்று வைத்துக்கொண்டால் எந்த வருஷமும் தப்பாது. ஒரு நாள்தான் வித்தியாசம், அதில் ஒரு வாரம் தங்கியிருக்கிறது.

மாற்றுகிற நேரம் மார்ச்சுக்கும் அக்டோபருக்கும் நமக்கு ஒன்றுதான், ஞாயிறு காலை ஆறரை. பூசைக்குக் கிளம்பும் முன் அம்மாச்சி ஸ்டூலைப் போட்டு ஏறுவார். ஏற வேண்டாம் என்று சொன்னால் கேட்க மாட்டார். மார்ச்சில் ஒரு சுற்று முன்னால், அக்டோபரில் ஒரு சுற்று பின்னால். மணி அடிக்கிற பழைய பெண்டுலக் கடிகாரத்தில் முள்ளைப் பின்னால் சுற்றினால் உள்ளே பழுதாகிவிடும். இந்த மாதிரி பேட்டரிக் கடிகாரத்துக்கு அந்தப் பயம் இல்லை.

நாள் கணக்கு தீர்ந்தது. கடிகாரம் இடையில் தப்பாக ஓடினால்? ஊர் நேரத்தைத் திருத்த ஊரே இருக்கிறது. கோயில் மணி, பள்ளிவாசல் பாங்கு, பள்ளிக்கூட மணி. ரயில் சத்தமும் ஒரு கணக்காக இருந்தது. 2022 டிசம்பரில் பழைய பாலத்தில் ரயில் நின்று, 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறக்கும்வரை அது மட்டும் இல்லாமல் போனது. சித்தி நேரத்தைத் திருத்தப் பாம்பனில் என்ன இருக்கிறது? நின்று போன கடிகாரம் பரவாயில்லை, பார்த்தால் தெரிந்துவிடும். கொஞ்சம் கொஞ்சமாகப் பின்தங்குகிற கடிகாரம்தான் ஏமாற்றும்.

அம்மாச்சி பார்க்கிற விதம் இதுதான். இரண்டு கடிகாரத்தின் நிமிட முள்ளையும் பார்ப்பார். இடைவெளி ஐந்தரையோ நாலரையோ, அதில் ஒரு அரை இருக்கிறது. அதனால் ஒன்றின் நிமிட முள் மேலே நின்றால் மற்றது கீழே நிற்க வேண்டும், ஒன்று இடமென்றால் மற்றது வலம். எந்த நேரத்திலும், எந்தப் பருவத்திலும். இரண்டு கடிகாரமும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் இரண்டு நிமிட முள்ளும் ஒரே சாய்வில், எதிரெதிர் பக்கம் நீட்டிக்கொண்டிருப்பது கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும். சாய்வு கொஞ்சம் ஒத்துவராவிட்டால் ஏதோ ஒன்று சுணங்குகிறது என்று அர்த்தம். எது என்பதைக் கோயில் மணி சொல்லிவிடும். இந்த வித்தையைக் கண்டுபிடித்தவர் அவர்தான், நான் நினைத்தே பார்க்கவில்லை.

சுணங்குவது பெரும்பாலும் சித்தி நேரமாகத்தான் இருந்தது. காரணம் பேட்டரி இல்லை, சுவர். அது மாட்டியிருந்தது ஜன்னலுக்கு எதிர்ச் சுவர். கச்சான் காற்று உப்போடு வந்து நேரே அதில் மோதும். பேட்டரி உட்காருகிற தகட்டிலும் சுருளிலும் பச்சை பூத்து, மின்சாரம் சரியாகப் போகாமல் போனது. அதற்கு ஒரு அடையாளம் உண்டு. நொடி முள் இடப் பக்கம், ஒன்பது மணிக் கோட்டுக்குப் பக்கத்தில், ஏற முடியாமல் அதே இடத்தில் துடித்துக்கொண்டிருக்கும். முள் படுக்கையாக நின்று மேலே ஏறத் தொடங்குகிற அந்த இடத்தில்தான் அதன் பாரம் அதிகம், பலம் குறைந்த மோட்டார் அங்கேதான் திணறும். புதுப் பேட்டரி போட்டும் துடித்தால் தகட்டைப் பார்க்க வேண்டும். கடிகாரக்காரர் எலுமிச்சைச் சாறு தொட்ட துணியால் துடைத்து, உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, துளி வாசலின் தடவிக் கொடுத்தார். இப்போது இரண்டு கடிகாரமும் உள்சுவரில், புனித அந்தோணியார் படத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்.

இது தெருவில் பரவிவிட்டது. சவூதியில் மகன் இருக்கிற ஒரு அக்கா தனக்கும் ஒன்று வேண்டுமென்று வந்தார். "அது ரெண்டரை மணி, வருசம் பூரா மாறாது, அதுக்கெதுக்கு கடியாரம், வெரல் விட்டு எண்ணு" என்று அனுப்பிவிட்டார். அதற்கப்புறம் வந்தவர் மகள் டொரான்டோவில் இருக்கிறார். அது கொஞ்சம் சிக்கல். குளிர்காலத்தில் பத்தரை மணி வித்தியாசம், கோடையில் ஒன்பதரை, ஆனால் மாற்றுகிற நாள் இங்கிலாந்து மாதிரி இல்லை. மார்ச் இரண்டாவது ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும். 2026-ல் மார்ச் 8, நவம்பர் 1. நவம்பர் நாள் சகல புனிதர் திருநாளன்றே வந்துவிடுகிறது என்று நான் சொன்னதும், அந்த அக்கா அதைத் தாளில் எழுதித் தரச் சொன்னார். மாற்றுகிற நேரம் நமக்கு ஞாயிறு காலை இல்லை. அங்கே அதிகாலை இரண்டு மணி என்பதால் மார்ச்சில் இங்கே பன்னிரண்டரை, நவம்பரில் பதினொன்றரை. பூசை முடிந்து சோறு பொங்குகிற நேரம். நிமிட முள் எதிரெதிரே நிற்கிற சோதனை அதற்கும் செல்லும், அந்த அரை மணி அங்கேயும் இருப்பதால்.

மறுநாளே கடிகாரம் வாங்கிவிட்டார். ஆணி அடிக்க என்னைக் கூப்பிட்டார். அம்மாச்சியும் பின்னாலேயே வந்து, அவர் காட்டிய இடத்தைப் பார்த்துவிட்டு வாசலிலிருந்தே சத்தம் போட்டார்.

"ஏய்யா, அந்தச் செவுத்துல அடிக்காத. அது கச்சான் அடிக்கிற செவுரு. ஆறு மாசத்துல பச்சை புடிச்சு, கனடா நேரம் நம்ம நேரத்துக்கு வந்துரும்."